மேற்படிப்புக்குப் பரிந்துரைக் கடிதம்: ஒரு பேருந்துப் புராஜெக்டை வைத்து எழுதிப் பார்ப்போம்

அக்டோபர் மாதம் பிறந்தால் நான்காம் ஆண்டு மாணவர்கள் என் அறைக்கு வந்து, நாற்காலியில் உட்காராமல் நின்றுகொண்டே பேசுவார்கள். "சார், ஒரு உதவி" என்று ஆரம்பித்தாலே விஷயம் புரிந்துவிடும். லண்டனுக்கோ டெல்ஃப்டுக்கோ அமெரிக்காவுக்கோ மாஸ்டர்ஸ் படிக்க விண்ணப்பிக்கிறார்கள், பரிந்துரைக் கடிதம் வேண்டும். சிங்கப்பூரில் பல்கலைக்கழகத்தில் புதிதாகப் பாடம் எடுக்க வந்தவர்களுக்கும், கம்பெனியில் பயிற்சி மாணவர்களை முதன்முறையாக மேய்க்கும் எஞ்சினியர்களுக்கும் இந்தக் கோரிக்கை வரும்போது கொஞ்சம் திகைப்பாக இருக்கும். அவர்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன்.

ஒன்றை முதலில் சொல்லிவிடுகிறேன். சேர்க்கைக் குழுவில் இருப்பவரிடம் மாணவரின் மதிப்பெண் பட்டியல் இருக்கிறது. "நான் ஏன் இந்தப் படிப்பைத் தேர்ந்தெடுத்தேன்" என்று மாணவரே எழுதிய கட்டுரையும் இருக்கிறது. வேலை எங்கேயோ சிக்கி நின்றபோது இந்தப் பிள்ளை என்ன செய்தான் என்பது மட்டும் அவரிடம் இல்லை. பக்கத்தில் இருந்து பார்த்த உங்களால்தான் அதைச் சொல்ல முடியும். ஆகவே கடிதத்தில் உண்மையிலேயே உழைத்து எழுத வேண்டியது ஒரே ஒரு பத்திதான். மற்றவை அதைத் தாங்கிப் பிடித்தால் போதும்.

ஒத்துக்கொள்வதற்கு முன்

மாணவர் கேட்டதும் எனக்கு நானே ஒரு கேள்வி கேட்டுக்கொள்வேன்: இவரைப் பற்றி இரண்டு சம்பவங்கள் இப்போதே நினைவுக்கு வருகின்றனவா? வந்தால் சரி. இருநூறு பேர் உட்காரும் விரிவுரை வகுப்பில் ஏ வாங்கியவர் என்பதைத் தவிர வேறு எதுவும் தெரியாது என்றால், அதை அப்போதே சொல்லிவிடுவது நல்லது. "தம்பி, நான் எழுதினால் உன் மார்க்கைத்தான் திரும்பச் சொல்ல முடியும். உன் புராஜெக்டைப் பார்த்தவரிடம் கேள்" என்று சொன்னால் அந்த நேரத்தில் முகம் வாடும். ஆனால் வெறும் சம்பிரதாயக் கடிதம் ஒன்று விண்ணப்பத்தோடு போவதைவிட இது பரவாயில்லை.

ஒத்துக்கொண்டால் அவரிடம் நான்கு பொருள்கள் கேட்டு வாங்குங்கள். எந்தெந்தப் பல்கலைக்கழகம், படிப்பின் சரியான பெயர், கடைசித் தேதி மூன்றும் உள்ள ஒரு பட்டியல், மதிப்பெண் பட்டியல், அவர் எழுதிய விண்ணப்பக் கட்டுரையின் வரைவு, புராஜெக்ட் அறிக்கை. கடைசித் தேதிக்குக் குறைந்தது நான்கு வாரமாவது முன்னால் இவை உங்கள் கைக்கு வரவேண்டும்.

கேட்கக் கூடாத பொருளும் ஒன்று உண்டு. "நீயே எழுதிக் கொண்டு வா, நான் கையெழுத்துப் போடுகிறேன்" என்பது நம் பக்கத்தில் சர்வசாதாரணம். நானும் மாணவனாக இருந்தபோது அப்படி எழுதிக் கொடுத்தவன்தான். அதில் நேர்மைப் பிரச்சினை இருக்கிறது. சில பல்கலைக்கழகங்கள் அதை வெளிப்படையாகவே தடை செய்கின்றன. அதுபோக நடைமுறைச் சிக்கல் ஒன்றும் இருக்கிறது. மாணவருக்குத் தன் வேலையில் எது சிறப்பு என்று தெரியாது. எது கஷ்டமாக இருந்ததோ அதைப் பெரிதாக எழுதுவார். உங்களுக்கு வியப்பாகத் தோன்றியதை "அது சும்மா சார்" என்று விட்டுவிடுவார். மூன்று பேராசிரியர்களுக்கும் அவரே எழுதிக் கொடுத்தால் மூன்று கடிதமும் ஒரே குரலில் பேசும். நூற்றுக்கணக்கில் படிக்கிறவர் கண்ணில் அது பட்டுவிடும்.

அரை மணி நேரம் பேசுங்கள்

என் முறை மிக எளிது. புராஜெக்ட் அறிக்கையை மேசையில் வைத்துக்கொண்டு, மாணவரோடு அரை மணி நேரம் பேசுவேன். மூன்று கேள்விகள்தான். இதில் நீ மட்டும் செய்தது எது? எந்த இடத்தில் மாட்டிக்கொண்டாய்? ஆரம்பத்தில் நினைத்தது எப்போது, ஏன் மாறியது? மூன்றாவது கேள்விக்கு வரும் பதிலில்தான் பெரும்பாலும் கடிதம் இருக்கும்.

ஒரு உதாரணத்தை முழுசாகப் பார்ப்போம். ஆளை அடையாளம் காண முடியாதபடி சில விவரங்களையும் எண்களையும் மாற்றியிருக்கிறேன்.

சிவில் எஞ்சினியரிங் மாணவர் ஒருவர். இறுதியாண்டு புராஜெக்ட், அதாவது இங்கே எல்லோரும் எஃப்ஒய்பி என்று சொல்வது, பேருந்துகள் சேர்ந்து வருவதைப் பற்றியது. செரங்கூன் ரோட்டில் நின்ற எல்லோருக்கும் இது தெரியும்: கால் மணி நேரம் ஒன்றும் வராது, அப்புறம் ஒரே எண்ணில் இரண்டு வண்டி ஒன்றன்பின் ஒன்றாக வரும். அந்தச் சாலை வழியே போகும் இரண்டு நீண்ட வழித்தடங்களை எடுத்து, இப்படிச் சேர்ந்து வருவதால் பயணிகளுக்கு எவ்வளவு நேரம் வீணாகிறது என்று கணக்கிடுவதுதான் வேலை. கூட ஒரு மாணவி. முடிவுகளை வரைபடத்தில் காட்டும் திரையை அவர் செய்தார். தரவைச் சேகரித்துக் கணக்குப் போட்டது நம் மாணவர்.

கணக்கு எளிமையானது, ஆனால் அழகானது. பத்து நிமிடத்துக்கு ஒரு வண்டி சரியாக வந்தால், நேரம் பார்க்காமல் நிறுத்தத்துக்கு வருபவர் சராசரியாக ஐந்து நிமிடம் காத்திருப்பார். அதே வண்டிகள் 2 நிமிடம், 18 நிமிடம், 2 நிமிடம், 18 நிமிடம் என்ற இடைவெளியில் வந்தாலும் சராசரி இடைவெளி பத்துதான். ஆனால் பத்தில் ஒன்பது பேர் அந்த நீண்ட இடைவெளியில்தான் வந்து சேர்வார்கள். அவர்கள் சராசரியாக 9 நிமிடம் நிற்பார்கள். மீதி ஒருவர் 1 நிமிடம் நிற்பார். ஆகச் சராசரி 8.2 நிமிடம். ஐந்தைக் கழித்தால் 3.2 நிமிடம் கூடுதல். கூடுதல் காத்திருப்பு நேரம் என்ற இந்த அளவை லண்டன் பேருந்துகளுக்கு முன்பிருந்தே பயன்படுத்துகிறார்கள். இங்கே நிலப் போக்குவரத்து ஆணையம் 2014இல் பரிசோதனையாகக் கொண்டுவந்தது.

தரவு, அதே ஆணையத்தின் டேட்டாமால் தளத்திலிருந்து வந்தது. ஒரு நிறுத்தத்தின் எண்ணைக் கொடுத்துக் கேட்டால் அடுத்த மூன்று வண்டிகள் எப்போது வரும் என்ற மதிப்பீட்டைத் தரும். `EstimatedArrival` என்ற புலத்தில் நேரம் இருக்கும். மாணவர் பன்னிரண்டு நிறுத்தங்களுக்கு ஆறு வாரம் இதைச் சேகரித்தார். இங்கே கவனிக்க வேண்டியது: தளம் சொல்வது "வரப்போகிறது" என்பதை, "வந்துவிட்டது" என்பதை அல்ல. ஆகவே முதல் வண்டி பட்டியலிலிருந்து மறைந்து இரண்டாவது முன்னுக்கு வரும் நொடியை, வண்டி வந்துபோன நேரமாக எடுத்துக்கொண்டார். சராசரியாக 1.4 நிமிடம் கூடுதல் காத்திருப்பு என்று முடிவு வந்தது. பரவாயில்லை என்று நானும் தலையாட்டினேன்.

"எங்கே மாட்டிக்கொண்டாய்?" என்று கேட்டபோது, சர்வர் இரண்டு நாள் நின்றுபோன கதையைத்தான் அவர் நீளமாகச் சொன்னார். எதை மாற்றினாய் என்று மூன்றாவது கேள்வியைக் கேட்டதும் கொஞ்சம் தயங்கி, "நம்பரை மாத்தினேன் சார், மார்ச்ல. நீங்ககூட மறந்திருப்பீங்க" என்றார். மறந்துதான் போயிருந்தேன்.

நடந்தது இதுதான். அந்த "மறையும் நொடி" கணக்கு சரிதானா என்று அவருக்கே சந்தேகம். யாரும் சொல்லாமல், மூன்று நாள் மாலை ஐந்திலிருந்து எட்டு வரை ஒரு நிறுத்தத்தில் போய் நின்று, ஒவ்வொரு வண்டியும் வந்த நேரத்தைக் கையால் எழுதியிருக்கிறார். மொத்தம் 94 வண்டி. தன் கணக்கோடு ஒப்பிட்டால் 83 ஒரு நிமிடத்துக்குள் பொருந்தின, 11 பொருந்தவில்லை. அந்தப் பதினொன்றையும் ஒவ்வொன்றாக எடுத்துப் பார்த்தபோது, அவற்றில் ஒன்பதில் `Monitored` என்ற புலம் 0 என்று இருந்தது. வண்டி இருக்கும் இடத்தை வைத்து மதிப்பிட்டிருந்தால் அது 1. கால அட்டவணையை வைத்துச் சொல்லியிருந்தால் 0. தளத்தின் விளக்க ஆவணத்திலேயே இது எழுதியிருக்கிறது. அவர்தான் முதலில் அதைப் படிக்காமல் தாண்டிப் போயிருந்தார். அட்டவணைப்படியான நேரங்கள் ஒழுங்கான இடைவெளியில்தான் இருக்கும். அவற்றை நிஜ வண்டிகளாக எண்ணியதால் சேவை உண்மையைவிட ஒழுங்காகத் தெரிந்திருக்கிறது. அந்தப் பதிவுகளை ஒதுக்கிவிட்டு மறுபடி கணக்கிட்டபோது 1.4 என்பது 1.9 ஆனது. சமர்ப்பிக்க மூன்று வாரமே இருக்கும்போது, ஏற்கெனவே எழுதி முடித்த இரண்டு அத்தியாயங்களைத் திருத்தி, பழைய எண் எப்படித் தவறாக வந்தது என்பதையும் அறிக்கையிலேயே எழுதினார்.

கடிதத்துக்கு இந்தச் சம்பவம் போதும். மாணவர் தானே எழுதியிருந்தால் சர்வர் கதைதான் வந்திருக்கும்.

கேட்டதை அப்படியே எழுதிவிடாதீர்கள்

பிள்ளைகள் பொய் சொல்வதில்லை. ஆனால் ஒரு வருடம் கழித்துப் பேசும்போது "நாங்கள்" என்பது "நான்" ஆகிவிடும், எண்கள் கொஞ்சம் வளரும். அதனால் அறிக்கையின் பின்னிணைப்பையும், வாராந்தரக் குறிப்பேட்டையும், நிரல் மாற்றப் பதிவையும் ஒருமுறை புரட்டுங்கள். இந்த மாணவரின் குறிப்பேட்டில் அந்த 94 வண்டிகளின் நேரங்களும் பேனாவால் எழுதி இருந்தன. ஒரு பக்கத்தில் மழை பட்டு மை பரவியிருந்தது. நிரல் பதிவில் திருத்தம் செய்த தேதியும் அவர் சொன்ன மார்ச் மாதத்தோடு பொருந்தியது. எனக்கு இருபது நிமிடம்தான் ஆனது. ஆனால் இப்போது "அவர் சொன்னார்" என்று இல்லாமல் "நான் பார்த்தேன்" என்று எழுத முடியும்.

கம்பெனியில் இருந்து எழுதுபவர்களுக்கு ஒரு வார்த்தை. சில நிறுவனங்களில் பரிந்துரை எழுத மனிதவளப் பிரிவின் அனுமதி வேண்டும். வேலை செய்த தேதிகளை மட்டும் உறுதிசெய்யச் சொல்லும் இடங்களும் உண்டு. எழுதுவதற்கு முன் கேட்டுவிடுங்கள். வாடிக்கையாளர் பெயர், வெளியாகாத தயாரிப்பு, உள்ளே இருக்கும் எண்கள் எதுவும் கடிதத்தில் வேண்டாம். "ஒரு தளவாட நிறுவனத்தின் கிடங்குத் தரவு" என்றால் போதும். என்ன சிக்கல், எப்படித் தீர்த்தார் என்பது கெடாது.

எழுதும் வரிசை

கடிதம் ஆங்கிலத்தில்தான் போகும். இங்கே தமிழில் எழுதிக் காட்டுகிறேன், வாக்கியத்தின் எடை புரிவதற்காக. மொத்தம் ஒரு பக்கம், மிஞ்சினால் ஒன்றரை.

முதல் பத்தியில் நீங்கள் யார், இவரை எந்த நிலையில், எவ்வளவு காலம் பார்த்தீர்கள் என்பது வரட்டும். "எட்டு ஆண்டுகளாக இறுதியாண்டு புராஜெக்டுகளை வழிநடத்துகிறேன், இவரை 2 பருவங்கள் வாரம் ஒரு முறை சந்தித்தேன்" என்பது போல. எத்தனை முறை பார்த்தீர்கள் என்பதை வைத்துத்தான் மேற்கொண்டு நீங்கள் சொல்வதற்கு மதிப்பு.

அடுத்து புராஜெக்ட் என்ன என்பதை, சிங்கப்பூரையே பார்த்திராத ஒருவருக்கு இரண்டு மூன்று வாக்கியத்தில் சொல்லுங்கள். யார் எதைச் செய்தார் என்பதும் இங்கேயே வந்துவிட வேண்டும். கூட்டாளியின் பங்கை மறைத்தால் படிப்பவருக்குச் சந்தேகம் வரும். "வரைபடத் திரையை இவருடைய கூட்டாளி செய்தார், தரவுச் சேகரிப்பும் கணக்கீடும் முழுக்க இவருடையவை" என்ற ஒரே வரி இவருடைய பங்கையும் தெளிவாக்கிவிடும்.

அப்புறம் அந்த முக்கியப் பத்தி. பல வருடங்களுக்கு முன் நானே எழுதி அனுப்பிய கடிதம் ஒன்றில் இருந்தது இப்படி:

"இவர் மிகுந்த உழைப்பாளி. கொடுத்த வேலையை நேரத்தில் முடிப்பவர். தரவுப் பகுப்பாய்வில் சிறந்த ஆற்றல் உள்ளவர். இவருடைய புராஜெக்ட் மிகச் சிறப்பாக அமைந்தது."

இதில் பொய் ஒன்றும் இல்லை. ஆனால் பெயரை மாற்றினால் எந்த மாணவருக்கும் பொருந்தும். பேருந்து மாணவருக்கு எழுதியது இது:

"தன் மதிப்பீட்டு முறையைச் சோதிக்க, யாரும் கேட்காமலே மூன்று மாலைகள் பேருந்து நிறுத்தத்தில் நின்று 94 வண்டிகளின் வருகையைக் கையால் பதிவு செய்தார். 11 வருகைகள் பொருந்தவில்லை. அவற்றை ஒவ்வொன்றாக ஆராய்ந்தபோது, பெரும்பாலானவை வண்டியின் இடத்தை வைத்து அல்லாமல் கால அட்டவணையை வைத்து மதிப்பிடப்பட்டவை என்றும், அவை தன் முடிவைச் சாதகமாகத் திரித்துவிட்டன என்றும் கண்டுபிடித்தார். அவற்றை நீக்கியதும் கூடுதல் காத்திருப்பு நேரம் 1.4 நிமிடத்திலிருந்து 1.9 ஆக உயர்ந்தது. சமர்ப்பிக்க மூன்று வாரம் இருந்த நிலையில் இரண்டு அத்தியாயங்களைத் திருத்தி எழுதியதோடு, முதல் எண் ஏன் தவறு என்பதையும் அறிக்கையில் விளக்கினார். முதல் எண்ணில் எனக்குச் சந்தேகமே வரவில்லை. பிழையைக் கண்டது அவர்தான்."

கடைசி வாக்கியத்தை எழுதும்போது கொஞ்சம் கூச்சமாக இருந்தது. ஆனால் உண்மை அதுதானே. மேற்பார்வையாளர் தவறவிட்டதை மாணவர் பிடித்தார் என்பதைவிடப் பெரிய சான்று எதுவும் என்னிடம் இல்லை. "நேர்மையானவர்" என்ற சொல்லை அந்தப் பத்தியில் எங்கும் நான் போடவில்லை என்பதையும் கவனியுங்கள்.

எண்களைப் பற்றி ஒரு எச்சரிக்கை. ஒரு எண்ணைப் போட்டால் அது பெரியதா சின்னதா என்று படிப்பவருக்குத் தெரிய வேண்டும். "துல்லியம் 92 விழுக்காடு" என்று மட்டும் எழுதினால், அது எதோடு ஒப்பிட்டு என்ற கேள்வி நிற்கும். மேலே உள்ள பத்தியில் எண்கள் நான்கைந்துதான். ஒவ்வொன்றும் கதையை ஒரு படி நகர்த்துகிறது. அறிக்கையில் இருக்கும் மற்ற பதினைந்து எண்களும் அங்கேயே இருக்கட்டும்.

நான்காவது பத்தி ஒப்பீடு. "மிகச் சிறந்தவர்களில் ஒருவர்" என்று சொன்னால் எத்தனை பேரில் என்று சொல்ல வேண்டும். "நான் வழிநடத்திய முப்பதுக்கும் மேற்பட்ட புராஜெக்டுகளில், தரவைச் சந்தேகித்துச் சரிபார்ப்பதில் இவரை முதல் மூன்று பேருக்குள் வைப்பேன்" என்று எழுதினேன். எதில் முதல் மூன்று என்பதும் முக்கியம். எல்லாவற்றிலும் முதல் என்று எழுதினால் எதிலும் நம்ப மாட்டார்கள். குறை ஒன்றையும் ஒரு வரியில் சேர்த்தேன்: முதல் வரைவில் இவருடைய எழுத்து சுற்றி வளைத்தது, மூன்றாவது வரைவில்தான் நேராக வந்தது. இது விண்ணப்பத்தைக் கெடுக்காது. ஆனால் படிப்புக்கு அடிப்படையாக வேண்டியதிலேயே குறை என்றால், அதைக் கடிதத்தில் மென்மையாக எழுதி அனுப்புவது தீர்வு அல்ல. ஆரம்பத்திலேயே மறுத்திருக்க வேண்டும்.

கடைசிப் பத்தியில், இந்த வேலைக்கும் அந்தப் படிப்புக்கும் என்ன தொடர்பு என்று சொல்லிவிட்டு முடித்துவிடலாம். ஒவ்வொரு பல்கலைக்கழகத்துக்கும் மாற்ற வேண்டியது இந்தப் பத்தியை மட்டும்தான். லண்டனில் போக்குவரத்து மாஸ்டர்ஸுக்கு அனுப்பியதில், கூடுதல் காத்திருப்பு நேரம் அங்கே பழக்கமான அளவு என்பதால் அதை விளக்காமல் நேராகப் பேச முடிந்தது. தரவு அறிவியல் படிப்புக்கு அனுப்பியதில், பேருந்தைக் குறைத்து, மதிப்பீட்டுக்கும் கண்ணால் பார்த்ததற்கும் உள்ள வித்தியாசத்தை அவர் எப்படிக் கையாண்டார் என்பதை முன்னால் கொண்டுவந்தேன். மாற்றும்போது பழைய பல்கலைக்கழகத்தின் பெயர் எங்கேனும் ஒட்டிக்கொண்டிருக்கிறதா என்று கடைசியில் ஒருமுறை தேடிப் பாருங்கள். எனக்கு ஒரு முறை ஒட்டிக்கொண்டுதான் போனது.

நம் பழக்கத்தில் வரும் சொற்கள்

நாம் ஒருவரைப் பாராட்டுவதற்குப் பழகிய சொற்கள் சில, ஆங்கிலத்தில் போய் உட்காரும்போது வேறு அர்த்தம் எடுக்கும். "அடக்கமானவர், பெரியவர்களுக்கு மரியாதை கொடுப்பவர், சொன்னதைக் கேட்பவர்" என்பது நம் வீட்டில் பெரிய பாராட்டு. ஆராய்ச்சிக்கு ஆள் எடுக்கிறவர் அதைப் படித்தால், சுயமாக யோசிக்க மாட்டார், வகுப்பில் வாய் திறக்க மாட்டார் என்று எடுத்துக்கொள்ளக்கூடும். நான் ஒரு மாணவியை "அமைதியானவர்" என்று நல்ல எண்ணத்தில்தான் எழுதினேன். வெளிநாட்டில் விண்ணப்பங்கள் படிக்கும் நண்பர் ஒருவர் பேச்சுவாக்கில், "அமைதியானவர் என்று எழுதினால் சொல்வதற்கு வேறு ஒன்றும் இல்லை என்றுதான் நாங்கள் படிப்போம்" என்றார். அன்றிலிருந்து அந்தச் சொல்லைத் தொடுவதில்லை. கூட்டத்தில் குறைவாகப் பேசி, ஆனால் கேட்ட ஒரே கேள்வியால் திட்டத்தை மாற்றியவர் என்றால், அந்தக் கேள்வியை எழுதுங்கள்.

தமிழில் யோசித்து எழுதுகிறவர்களுக்கு இன்னொரு வழுக்கல்: "இவர்" என்பது நமக்கு ஆணுக்கும் பெண்ணுக்கும் பொது. ஆங்கிலத்தில் பழைய கடிதத்தை அச்சாக வைத்துக்கொண்டால், பாதிக் கடிதத்தில் மாணவி மாணவராகிவிடுவார்.

சிங்கப்பூருக்கு வெளியே புரியாதவை

இங்கே எல்லோருக்கும் தெரிந்தது அங்கே தெரியாது. தேசியப் பல்கலைக்கழகத்திலும் நன்யாங்கிலும் தரப்புள்ளிச் சராசரி 5க்கு; அமெரிக்காவில் பொதுவாக 4க்கு. "4.3" என்று மொட்டையாக எழுதினால் ஒருவர் மலைப்பார், மற்றவர் பிழை என்பார். "5க்கு 4.3" என்று எழுதுங்கள். எஃப்ஒய்பி என்ற சுருக்கத்தை விரித்து, அது இரண்டு பருவங்கள் நடக்கும் ஆராய்ச்சி வேலை என்று சொல்லுங்கள். ஆண் மாணவர் என்றால், பள்ளிக்கும் பல்கலைக்கழகத்துக்கும் நடுவே தெரியும் இரண்டு ஆண்டு இடைவெளி கட்டாய தேசிய சேவை. பெரும்பாலும் மாணவரின் விண்ணப்பத்திலேயே அது இருக்கும், நீங்கள் எழுத வேண்டியதில்லை. பலதுறைத் தொழிற்கல்லூரி வழியாக வந்தவர் என்றால் மட்டும் அதை ஒரு வரியில் சொல்வேன். மூன்று வருடம் கையால் வேலை செய்து கற்றுவிட்டு வந்தவர் என்பது புராஜெக்டில் தெரியும். அது எங்கிருந்து வந்தது என்று படிப்பவருக்கும் தெரியட்டுமே.

இணையதளத்தில் ஏற்றும்போது

கடிதத்தை மாணவர் கையில் கொடுப்பது இப்போது அபூர்வம். மாணவர் விண்ணப்பத்தில் உங்கள் மின்னஞ்சலைக் கொடுப்பார். பல்கலைக்கழகத்திலிருந்து உங்களுக்கு ஒரு இணைப்பு வரும். வேலை இடத்து மின்னஞ்சலைத்தான் கொடுக்கச் சொல்லுங்கள், சொந்த முகவரியிலிருந்து வரும் கடிதத்தை ஏற்காத இடங்கள் உண்டு. இணைப்பு குப்பை அஞ்சலில் போய் விழுவது வாடிக்கை. மாணவர் "அனுப்பிட்டேன் சார்" என்று சொன்ன அன்றே அங்கே தேடிப் பாருங்கள்.

அலுவலகத் தலைப்புத் தாளில், தேதியும் கையெழுத்தும் உங்கள் பதவியும் சேர்த்து, பிடிஎஃப் கோப்பாக ஏற்றுங்கள். பல அமெரிக்கப் படிவங்களில் கடிதத்தோடு ஒரு கட்டமும் வரும்: அறிவுத்திறன், எழுத்து, சுயமாக வேலை செய்தல் என்று வரிசையாக இருக்கும், ஒவ்வொன்றிலும் இவர் முதல் 5 விழுக்காட்டிலா, 10 விழுக்காட்டிலா என்று குறிக்க வேண்டும். கடிதத்தில் எழுத்து சுமார் என்று சொல்லிவிட்டு இங்கே முதல் 5 என்று குறித்தால் இரண்டும் இடிக்கும். நீங்கள் பார்த்திராததற்கு "மதிப்பிட இயலவில்லை" என்ற தெரிவு இருக்கும். அதைத் தயங்காமல் பயன்படுத்துங்கள்.

அதே படிவங்களில், கடிதத்தைப் பார்க்கும் உரிமையை மாணவர் விட்டுக்கொடுத்தாரா என்று ஒரு குறிப்பும் தெரியும். 1974இல் வந்த அமெரிக்கக் கல்விப் பதிவுச் சட்டம் ஒன்றின்படி, அங்கே சேர்ந்த மாணவர் தன் கோப்பைப் பார்க்கலாம். பரிந்துரைக் கடிதத்தைப் பொறுத்தவரை அந்த உரிமையை விட்டுக்கொடுக்கவும் செய்யலாம். பெரும்பாலோர் விட்டுக்கொடுக்கிறார்கள், அப்போதுதான் கடிதம் மனம்விட்டு எழுதப்பட்டது என்று படிப்பவர் நம்புவார். இது மாணவர் எடுக்க வேண்டிய முடிவு. நீங்கள் அழுத்த வேண்டாம்.

எத்தனை கடிதம் என்பது இடத்துக்கு இடம் மாறும். அமெரிக்காவில் பெரும்பாலும் மூன்று, பிரிட்டனில் பெரும்பாலும் இரண்டு. மூவர் எழுதுகிறோம் என்றால், மற்ற இருவர் எதைப் பற்றி எழுதுகிறார்கள் என்று மாணவரிடம் கேட்டுவிடுவேன். பயிற்சி வேலையைப் பற்றி ஒருவர், வகுப்பைப் பற்றி ஒருவர் என்றால் நான் புராஜெக்டைவிட்டு நகர மாட்டேன்.

நேர வித்தியாசத்தைப் பற்றி மட்டும் கடைசியாக. டிசம்பர் 15 இரவு 11:59 என்று அமெரிக்காவின் கிழக்குக் கரைப் பல்கலைக்கழகம் போட்டிருந்தால், இங்கே அது 16ஆம் தேதி பகல் 12:59. மேற்குக் கரை என்றால் பிற்பகல் 3:59. ஐரோப்பா இவ்வளவு தாராளம் இல்லை, ஏழெட்டு மணி நேரம்தான் கிடைக்கும். ஆனாலும் அந்தக் கூடுதல் நேரத்தை நம்பி உட்கார வேண்டாம். கடைசி இரவில் தளம் திணறுவதை நான் பார்த்திருக்கிறேன். மூன்று நாள் முன்னதாக ஏற்றிவிட்டு, மாணவரின் பக்கத்தில் "பெறப்பட்டது" என்று காட்டுகிறதா என்று அவரையே பார்த்துச் சொல்லச் சொல்லுங்கள். சில தளங்களில் ஏற்றிய பிறகு சமர்ப்பிக்கும் பொத்தான் தனியாக இருக்கும். நான் ஒரு தடவை ஏற்றிவிட்டு அதை அழுத்தாமல் வீட்டுக்குப் போய்விட்டேன். மறுநாள் காலை மாணவரின் குறுஞ்செய்தி வந்துதான் தெரிந்தது.

பிடிஎஃப்பையும், பேசும்போது எடுத்த குறிப்பையும் ஒரே கோப்புறையில் மாணவர் பெயரில் வைத்துக்கொள்ளுங்கள். இரண்டு வருடம் கழித்து உதவித்தொகைக்கோ முனைவர் படிப்புக்கோ அவர் மறுபடி வருவார். அப்போது அந்த 94 வண்டிகள் உங்களுக்கு நினைவில் இருக்காது.